கூடுதல் நேரம் கேட்டு எழுதிய மின்னஞ்சல்: பாதியில் நின்ற மாட்-10 கவுன்ட்டரும் நானும்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும், பொள்ளாச்சிக்குப் போகும் பாதையில் இருப்பதால், வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ்தான் பேசுவோம். நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் சேர்ந்தவள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, டிஜிட்டல் லேபில் ஒரு சோதனையை முடிக்க முடியாமல் போனபோது, கூடுதல் நேரம் கேட்டு எங்கள் லேப் பயிற்றுநருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அந்த மின்னஞ்சலைக் கேட்டு ஜூனியர்கள் இப்போதும் வருகிறார்கள். அதை மட்டும் எடுத்துக் கொடுத்தால் அவர்களுக்குப் பயன்படாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதில் உள்ள ஒவ்வொரு வரியும் என்னுடைய பலகையில் அன்று நடந்ததைச் சொல்கிறது. ஆகவே நடந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அன்று எனக்குக் கொடுக்கப்பட்ட சோதனை, 7476 ஐசிகள் இரண்டையும் 7400 ஐசி ஒன்றையும் வைத்து, துடிப்புகளை 0 முதல் 9 வரை எண்ணும் ஒரு மாட்-10 ரிப்பிள் கவுன்ட்டர் அமைப்பது. ஒரு 7476-க்குள், 0 அல்லது 1 என்ற நிலையை நினைவில் வைக்கும் ஜேகே ஃபிளிப்-ஃப்ளாப்கள் இரண்டு இருக்கும், ஆக மொத்தம் நான்கு. நான்கின் ஜே, கே முனைகளையும் 5 வோல்ட்டில் கட்டிவிட்டால், ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் ஃபிளிப்-ஃப்ளாப் தன் நிலையை மாற்றிக்கொள்ளும். முதலாவதின் வெளியீட்டை இரண்டாவதின் கிளாக்குக்கும், இரண்டாவதின் வெளியீட்டை மூன்றாவதின் கிளாக்குக்கும் கொடுத்துக்கொண்டே போனால், வெளியீடுகளில் கட்டிய நான்கு விளக்குகளும் 1, 2, 4, 8 என்ற மதிப்புகளில் எண்ணிக்கையைக் காட்டும். அப்படியே விட்டால் அது 15 வரை போகும். 9-க்குப் பிறகு 0-க்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக, 2-இன் வெளியீட்டையும் 8-இன் வெளியீட்டையும் 7400-இன் ஒரு நேண்ட் கேட்டுக்குள் கொடுத்து, அதன் வெளியீட்டை நான்கு ஃபிளிப்-ஃப்ளாப்களின் கிளியர் முனைக்கும் சேர்த்துக் கட்டுகிறோம். எண்ணிக்கை 10-ஐத் தொட்டதும் 2-உம் 8-உம் ஒன்றாக எரியும், இரண்டும் உயர்ந்ததால் நேண்ட்டின் வெளியீடு தாழும், எல்லாம் அழிந்து 0 ஆகிவிடும்.

திங்கட்கிழமை பிற்பகல் 1.30 முதல் 4 மணி வரை லேப். முதல் முக்கால் மணி நேரம் என் தவறால் போனது. பதினாறு கால் ஐசி என்றால் 16-ஆம் கால் 5 வோல்ட், 8-ஆம் கால் கிரவுண்டு என்று கை தானாகவே கட்டிவிட்டது. 7476-க்கு அப்படி இல்லை, அதற்கு 5-ஆம் காலில் 5 வோல்ட், 13-ஆம் காலில் கிரவுண்டு. ஒரு விளக்கும் சொன்னபடி நடக்கவில்லை. நான் ஐசி கெட்டுவிட்டதென்று எண்ணி, ஸ்டோரில் போய் வேறு இரண்டு ஐசி வாங்கி வந்து, அவற்றையும் அதே தவறான கால்களிலேயே கட்டினேன். பக்கத்து மேசைத் தோழி தன் பலகையைக் காட்டிய பிறகுதான் புரிந்தது. விளக்கு எதுவும் அசையவில்லை என்றால், ஐசியை மாற்றுவதற்கு முன்னால் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஐசியின் கால்களின் மேலேயே வைத்து 5 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பது, அன்று முதல் என் பழக்கமாகிவிட்டது. பலகையின் ஓரத்தில் அளந்தால் போதாது, கால் விவரப் படத்தில் எழுதியிருக்கும் அந்தக் காலிலேயே அளக்க வேண்டும்.

இணைப்புகள் எல்லாம் முடிந்தபோது மணி 3.20. எங்கள் கிட்டில் ஒவ்வொரு துடிப்பாகக் கொடுக்கும் பல்சர் பொத்தான் பழுதாகி இருந்ததால், தனியாக ஒரு புஷ் பட்டனும் ஒரு ரெசிஸ்டரும் கொடுத்திருந்தார்கள். அதை அழுத்தினால் கவுன்ட்டர் எண்ணியது, ஆனால் இடையில் எண்களை விழுங்கியது. 1-க்குப் பிறகு 3, 5-க்குப் பிறகு 8 என்று போனது. நான் ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கி மறுபடி செருகிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் வந்த எண்களை ரஃப் ரெக்கார்டின் ஓரத்தில் குறித்து வைத்தேன், ஆனால் அவற்றைத் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. 4 மணி ஆனது.

சாரிடம் போய் நின்றேன். அவர் சித்தூர்க்காரர், மலையாளம் வீட்டுமொழி என்றாலும் எங்களைப் போன்றவர்களிடம் தமிழில் பேசுவார்.

“சார், இன்னும் கொஞ்சம் நேரம் கிடைச்சா முடிச்சிருவேன்.”

“லேப் நேரத்துக்கு அப்புறம் திறக்கணும்னா நான் ஹெச்.ஓ.டி. கிட்ட காட்டணும் மோளே. ராத்திரிக்குள்ள மெயில் எழுதி அனுப்பு. புதன்கிழமை காலையில அடுத்த பேட்ச் வருது, அதுக்குள்ள தெரியணும்.”

இந்த இடத்தை ஜூனியர்கள் பலரும் கவனிப்பதில்லை. பயிற்றுநருக்கு மனம் இருந்தால் மட்டும் போதாது. அவர் யாரிடமோ அனுமதி வாங்க வேண்டும், லேப் காலியாக இருக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும், அந்த நேரத்தில் ஒருவர் உடன் இருக்க வேண்டும். நம் மின்னஞ்சல் அவருக்கு வரும் வேண்டுகோள் மட்டும் அன்று, அவர் மேலே காட்டப்போகும் தாளும் அதுதான். அதைப் படிக்கும் மூன்றாமவருக்கு என் பெயரோ பலகையோ தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது தானாகவே தெளிவாகும்.

ஆனால் அன்று பேருந்தில் உட்கார்ந்து கைப்பேசியில் நான் எழுதிய முதல் வரைவு அப்படி இருக்கவில்லை. தொலைவிலிருந்து வருகிறேன், பேருந்து தாமதமாகிறது, வீட்டில் பாட்டிக்கு உடல்நலம் சரியில்லை, முந்தைய வாரம் சரியாகப் படிக்க முடியவில்லை, தயவுசெய்து இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும் என்று பதினான்கு வரிகள். அத்தனையும் உண்மை. ஆனால் கவுன்ட்டர் என்ற சொல்லே அதில் ஒரே ஓர் இடத்தில்தான் வந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா எங்கள் வார்டு குடும்பஸ்ரீ மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுபவர், கடன் விண்ணப்பங்களை வாரந்தோறும் பார்ப்பவர்.

“எல்லாம் சரி கண்ணு, எத்தனை நேரம் கேக்குற? அதை எங்கேயும் சொல்லலியே. எங்க குழுவுல கடன் கேட்டு வர்றவங்க எத்தனை ரூவான்னு எழுதாம கொடுத்தா, நாங்க என்னன்னு முடிவு பண்றது? எதுக்கு, எத்தனை, எப்ப முடியும் — அதைத்தான் முதல்ல பாப்போம்.”

அப்போதுதான் இரண்டாம் வரைவைத் தொடங்கினேன். எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டுமானால், மிச்சம் என்ன வேலை என்று தெரிய வேண்டும். மிச்சம் என்ன என்று தெரிய வேண்டுமானால், பழுது எங்கே என்று தெரிய வேண்டும். “கவுன்ட்டர் சரியாக எண்ணவில்லை” என்று எழுதிவிட்டு, எப்படிச் சரியாக எண்ணவில்லை என்று அடுத்த வரியில் சொல்லப் புகுந்தபோது சொல் கிடைக்கவில்லை. ரஃப் ரெக்கார்டை எடுத்து, ஓரத்தில் குறித்திருந்ததைப் பார்த்தேன். மூன்று சுற்றுகள் எழுதியிருந்தேன்.

முதல் சுற்று: 0, 1, 3, 4, 5, 8, 9, 0.
இரண்டாம் சுற்று: 0, 2, 3, 4, 7, 8, 0.
மூன்றாம் சுற்று: 0, 1, 2, 5, 6, 7, 9, 0.

ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு இடத்தில் தாண்டியிருக்கிறது. லேபில் நின்றபோது இது என் கண்ணில் படவில்லை. கம்பி தவறாக இருந்தால், பழுது ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் வரும். உதாரணமாக, கிளியருக்குப் போகும் கம்பி விட்டுப்போயிருந்தால், கவுன்ட்டர் ஒவ்வொரு முறையும் 9-ஐத் தாண்டி 15 வரை போகும். 4-இன் வெளியீடு அடுத்த கிளாக்குக்குப் போகாவிட்டால், 8-இன் விளக்கு ஒருபோதும் எரியாது. எத்தனை தடவை ஓட்டினாலும் அப்படியே இருக்கும். என்னுடையது இடம் மாறி மாறித் தாண்டியது, ஆனால் தாண்டிய பிறகு சரியான எண்ணில்தான் போய் நின்றது, 9-க்கு மேல் ஒரு தடவையும் போகவில்லை. ஆக, நான்கு ஃபிளிப்-ஃப்ளாப்களும் நேண்ட்டும் தம் வேலையைச் செய்திருக்கின்றன. ஒரு அழுத்தலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துடிப்புகள் அவற்றுக்குப் போயிருக்கின்றன.

அது பட்டனின் குற்றம். உள்ளே இருக்கும் உலோகத் தகடு மோதும்போது ஒரே தடவையில் ஒட்டிக்கொள்வதில்லை, சில மில்லிசெகண்டுகளுக்குள் பல தடவை தொட்டுத் தொட்டு விலகிய பிறகுதான் ஒட்டி நிற்கும். இதைத்தான் பவுன்ஸ் என்கிறோம். விளக்குக்கும் விசிறிக்கும் அது பொருட்டே அன்று. ஃபிளிப்-ஃப்ளாப் நானோசெகண்டு கணக்கில் நிலை மாறுவது, ஆகவே ஒவ்வொரு தொடுதலையும் தனித்தனித் துடிப்பாக எண்ணிவிடும். இந்தப் பாடத்தை வகுப்பில் படித்திருந்தேன். ஆனால் என் பலகையில் அது நடந்துகொண்டிருந்தபோது, நாற்பது நிமிடம் கம்பிகளைத்தான் சந்தேகப்பட்டேன்.

இப்போது மிச்ச வேலை என்னவென்று தெரிந்தது. அதற்கான நேரத்தையும் கணக்குப் போட முடிந்தது. அன்று இரவு 9 மணிக்கு அனுப்பிய மின்னஞ்சல் ஆங்கிலத்தில் இருந்தது, துறையில் கோப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதைத் தமிழில் இங்கே தருகிறேன்.

பொருள்: மாட்-10 ரிப்பிள் கவுன்ட்டர் சோதனையை முடிக்க ஒரு மணி நேரம் வேண்டி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மூன்றாம் பருவம், எலெக்ட்ரானிக்ஸ், ஏ பேட்ச் மாணவி. இன்று பிற்பகல் டிஜிட்டல் லேபில் 6-ஆம் எண் மேசையில் மாட்-10 ரிப்பிள் கவுன்ட்டர் சோதனையைச் செய்தேன். அதை நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. இதை முடிக்க, இந்த வாரத்துக்குள் தங்களுக்கு வசதியான ஒரு நாளில், ஒரு மணி நேரம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முடித்தவை: இரண்டு 7476 ஐசிகளிலும் நான்கு ஃபிளிப்-ஃப்ளாப்களின் இணைப்பும், 7400-இல் ஒரு நேண்ட் கேட் வழியாக 10-இல் அழிக்கும் இணைப்பும் முடிந்துவிட்டன. கவுன்ட்டர் 9-க்குப் பிறகு 0-க்குத் திரும்புகிறது.

முடியாதது: புஷ் பட்டனை ஒரு தடவை அழுத்தினால், சில சமயம் இடையில் ஒன்று அல்லது இரண்டு எண்கள் விடுபடுகின்றன. மூன்று சுற்றுகளின் குறிப்பைப் பார்த்தபோது, தாண்டும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் வேறாக இருக்கிறது. ஆகவே இது பட்டனின் பவுன்ஸ் என்று நினைக்கிறேன், இன்னும் உறுதி செய்யவில்லை. இதனால் 0 முதல் 9 வரையிலான அட்டவணையைத் தங்களிடம் காட்ட முடியவில்லை.

தாமதத்துக்குக் காரணம்: முதல் 45 நிமிடம் 7476-இன் மின்னிணைப்பை 5, 13 ஆகிய கால்களுக்குப் பதில் 16, 8 ஆகிய கால்களில் கொடுத்துவிட்டேன். இது என் தவறு.

கேட்கும் ஒரு மணி நேரத்தில் செய்ய நினைப்பது: முதல் 5 நிமிடத்தில், பட்டனுக்குப் பதிலாக ஃபங்ஷன் ஜெனரேட்டரின் டிடிஎல் வெளியீட்டை 1 ஹெர்ட்ஸில் கொடுத்துப் பார்ப்பேன். தாண்டாமல் எண்ணினால், பழுது பட்டனில்தான். அடுத்த 20 நிமிடத்தில், அதே 7400-இல் மிச்சமிருக்கும் கேட்களில் இரண்டைக் கொண்டு பவுன்ஸை நீக்கும் லாட்ச் அமைப்பேன். அட்டவணை எடுத்துத் தங்களிடம் காட்ட 15 நிமிடம். மீதி 20 நிமிடம் எதிர்பாராத பழுதுக்காக. ஜெனரேட்டரிலும் தாண்டினால், என் கணிப்பு தவறு என்று பொருள், அப்போது இந்த நேரம் போதாமல் போகலாம்.

இதற்குக் கூடுதலாக இருவழி ஸ்விட்ச் ஒன்றும், 1 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டும் வேண்டும். புதிய ஐசி தேவையில்லை. முடிந்தால் என் பலகையைக் கலைக்காமல் வைத்திருக்க வேண்டுகிறேன், என் பெயரும் எண்ணும் எழுதிய தாளை அதில் ஒட்டியிருக்கிறேன். அடுத்த பேட்ச்சுக்கு அந்தப் பலகை தேவையென்றால் கலைத்துவிடலாம், படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இது இயலாதென்றால், முடித்த அளவுக்கு மட்டும் மதிப்பிட்டாலும் ஏற்றுக்கொள்கிறேன். ரெக்கார்டில் முடித்த நாள் எதுவோ அதையே எழுதுவேன்.

நன்றியுடன்,
(பெயர், பதிவு எண்)

இதில் சில வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். “புதிய ஐசி தேவையில்லை” என்பது சும்மா எழுதிய வரி அன்று. 7400-க்குள் நான்கு நேண்ட் கேட்கள் இருக்கின்றன. அழிப்பதற்கு ஒன்று போனால், மூன்று மிச்சம். லாட்ச்சுக்கு இரண்டு போதும். இதைக் கணக்கிட்டுச் சொன்னால், படிப்பவர் ஸ்டோரைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. இருவழி ஸ்விட்ச் மட்டும் கேட்டாக வேண்டும், ஏனென்றால் அந்த லாட்ச்சுக்கு ஒரு முனையை விட்டு இன்னொரு முனைக்குப் போகும் ஸ்விட்ச் தேவை, புஷ் பட்டனால் அது முடியாது.

பலகையைக் கலைக்காமல் வைக்கச் சொன்னது இன்னொன்று. லேப் முடிந்ததும் கம்பிகளைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுவிடுவது எங்கள் லேபின் வழக்கம். கலைந்துவிட்டால் ஒரு மணி நேரம் என்ற என் கணக்கே பொய்யாகிவிடும், மறுபடி இணைக்கவே ஒரு மணி நேரம் ஆகும். அதனால்தான் அன்றிரவே அனுப்பினேன். இரண்டு நாள் யோசித்து அழகாக எழுதி, புதன்கிழமை பிற்பகல் அனுப்பியிருந்தால், கேட்பதற்கே பொருள் இருந்திருக்காது.

பாட்டியின் உடல்நலத்தை எடுத்துவிட்டது எனக்கு முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை கவுன்ட்டர் முடியாமல் போனதற்கும் பாட்டிக்கும் தொடர்பில்லை. தொடர்பு இருந்திருந்தால், எத்தனை மணிக்கு லேபுக்கு வந்தேன் என்பதோடு சேர்த்து ஒரு வரியில் எழுதியிருப்பேன். கால் மாற்றிக் கட்டிய தவறை ஒப்புக்கொண்டு எழுதியது அதைவிடப் பயன்பட்டது, ஏனென்றால் அந்தத் தவறு மறுபடி நேராது என்பதும், அந்த 45 நிமிடம் இனிச் செலவாகாது என்பதும் அதிலேயே புரிகிறது.

செவ்வாய் காலை பதில் வந்தது, இரண்டே வரி. வியாழன் 3.15 முதல் 4.15 வரை, லாட்ச் சர்க்யூட்டைக் கால் எண்களோடு ரஃப் ரெக்கார்டில் வரைந்து கொண்டு வரவும், பலகை அலமாரியில் இருக்கும்.

கால் எண்களோடு வரைந்து வரச் சொன்னது எனக்கு நல்லதாகவே அமைந்தது. புதன் இரவு வரைந்தேன். ஸ்விட்ச்சின் நடுமுனை கிரவுண்டுக்கு. ஒரு பக்க முனை 7400-இன் 4-ஆம் காலுக்கு, மறுபக்க முனை 10-ஆம் காலுக்கு. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு 1 கிலோஓம் ரெசிஸ்டர் 5 வோல்ட்டுக்கு. ஒரு கேட்டின் வெளியீடான 6-ஆம் காலை மற்ற கேட்டின் 9-ஆம் காலுக்கும், அதன் வெளியீடான 8-ஆம் காலை முதல் கேட்டின் 5-ஆம் காலுக்கும் குறுக்காகக் கட்டவேண்டும். ஸ்விட்ச் ஒரு முனையைத் தொட்ட முதல் கணத்திலேயே லாட்ச் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். பிறகு தகடு துள்ளி விலகினாலும், இரண்டு உள்ளீடுகளும் உயர்ந்த நிலையில் இருப்பதால் லாட்ச் சாய்ந்தபடியே இருக்கும். மறுமுனையைத் தொட்டால்தான் திரும்பும். துள்ளல் எத்தனை இருந்தாலும், வெளியே போவது ஒரே துடிப்பு.

ஒரு சீனியர் அண்ணன், எதற்கு இவ்வளவு, பட்டனுக்குக் குறுக்கே ஒரு கெப்பாசிட்டரைப் போட்டால் போதுமே என்றார். அதைச் சாரிடம் கேட்டேன். கெப்பாசிட்டர் துள்ளலை மழுக்கும், ஆனால் ஏற்ற இறக்கத்தையும் மெதுவாக்கிவிடும், டிடிஎல் கிளாக் முனைக்கு அப்படி மெதுவாக ஊர்ந்து வரும் அலை ஆகாது, இடையில் ஷ்மிட் ட்ரிகர் உள்ள 7414 போன்ற ஐசி இருந்தால் மட்டும் அந்த வழி சரி என்றார்.

வியாழன் 3.15-க்கு உட்கார்ந்தேன். ஜெனரேட்டரை 1 ஹெர்ட்ஸில் கொடுத்ததும், நொடிக்கு ஒன்றாக 0 முதல் 9 வரை, மூன்று சுற்றும் ஒரு எண்கூடத் தாண்டவில்லை. மின்னஞ்சலில் “நினைக்கிறேன்” என்று எழுதியது உறுதியான அந்த நொடியில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

லாட்ச்சைக் கட்டிய பிறகும் ஒரு தொல்லை வந்தது. பெரும்பாலும் சரியாக எண்ணியது, ஆனால் சில சமயம் ஸ்விட்ச்சைத் தொடாமலே, கை அருகில் போனாலே எண் நகர்ந்தது. இதற்குத்தான் அந்த 20 நிமிடம். 4-ஆம் காலில் மல்டிமீட்டரை வைத்தேன், ஸ்விட்ச் மறுபக்கம் இருக்கும்போது 5 வோல்ட்டுக்கு அருகில் இருந்தது. 10-ஆம் காலில் அதேபோலப் பார்த்தால் 1.5 வோல்ட் அளவுதான் காட்டியது. டிடிஎல் உள்ளீடு ஒன்று எதிலும் கட்டப்படாமல் தொங்கினால், மீட்டர் காட்டும் அளவு அது. அதை ஐசி உயர்ந்த நிலையாகவே எடுத்துக்கொள்ளும், ஆனால் சிறு இரைச்சலுக்கும் அசைந்துவிடும். அப்படியானால் அந்த ரெசிஸ்டர் 5 வோல்ட்டைத் தொடவே இல்லை. பார்த்தால், அதன் மறுமுனையைப் பலகையின் வலது பாதியில் செருகியிருந்தேன். எங்கள் பலகையில் ஓரத்து மின்வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டது, இடது பாதிக்குக் கொடுத்த 5 வோல்ட் வலது பாதிக்குப் போகாது. திங்கட்கிழமை எல்லாவற்றையும் இடது பாதியிலேயே கட்டியதால் இது வெளிப்படவில்லை. நடுவில் ஒரு சிறு கம்பியால் இரண்டு பாதியையும் இணைத்தேன். இதைக் கண்டுபிடிக்க 12 நிமிடம் ஆனது. நாற்பது நிமிடம் மட்டும் கேட்டிருந்தால், அட்டவணை எடுக்க நேரம் இருந்திருக்காது.

சாரை அழைத்துக் காட்டினேன். ஸ்விட்ச்சை ஒரு பக்கம் தள்ளினால் எண் மாறவில்லை, திருப்பி இழுக்கும்போது மாறியது. இது பழுதா என்று கேட்டேன். பழுது இல்லை, கிளாக் உயரும்போது அன்றி இறங்கும்போதுதான் வெளியீடு மாறும், லாட்ச்சின் எந்த வெளியீட்டிலிருந்து எடுக்கிறோமோ அதைப் பொறுத்துத் தள்ளும்போதோ இழுக்கும்போதோ இறங்கும் என்றார். 8-ஆம் காலிலிருந்து எடுத்ததை 6-ஆம் காலுக்கு மாற்றியதும் தள்ளும்போதே எண்ணியது.

பிறகு அவர் கேட்ட கேள்வி: “பத்து வந்தாத்தானே அழியும்? அப்ப பத்து எங்கே?” விளக்கில் தெரியவில்லை, ஆனால் மிகச் சிறிய நேரத்துக்கு வந்துபோகும் என்றேன். ஜெனரேட்டரை மறுபடி கொடுத்து வேகத்தை ஏற்றி, கிளியர் கம்பியில் ஆஸிலோஸ்கோப்பை வைத்துக் காட்டினார். பத்துத் துடிப்புக்கு ஒரு தடவை, ஊசி போல ஒரு கோடு கீழே இறங்கி ஏறியது. அந்த ஊசிக்குள்தான் 10 இருந்தது. கூடுதல் நேரம் கிடைத்திராவிட்டால் இதை நான் பார்த்திருக்க மாட்டேன்.

என்னிடம் அந்த மின்னஞ்சலை வாங்கிப் போன ஒரு தம்பி, ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சோதனைக்கு அதை அப்படியே அனுப்பினான். தலைப்பு மட்டும் மாறியிருந்தது, “10-இல் அழிக்கும் இணைப்பு” என்ற சொற்கள் உள்ளே அப்படியே இருந்தன. அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவன் பலகையில் நடந்ததை அவன் எழுதியிருந்தால், அது வேறாக இருந்திருக்கும். 7474 ஐசிகளால் அமைத்த ஷிஃப்ட் ரெஜிஸ்டரில், ஒரு துடிப்புக்கு 1 ஒரு படிதான் நகர வேண்டும். சில சமயம் இரண்டு படி நகர்ந்தால் அங்கும் பட்டனைத்தான் பார்க்க வேண்டும். எப்போதும் ஒரே படியில் வந்து நின்றுவிட்டால், அந்தப் படியிலிருந்து அடுத்ததன் டி முனைக்குப் போகும் கம்பியையும், அந்த ஃபிளிப்-ஃப்ளாப்பின் கிளாக்கையும் கிளியரையும் பார்க்க வேண்டும். இரண்டில் எது என்று அவன் எழுதியிருந்தால், அவனுக்கு எவ்வளவு நேரம் தேவை என்பது அவனுக்கும் சாருக்கும் தெரிந்திருக்கும். அடுத்த வாரம் அவனை என் பக்கத்தில் உட்கார வைத்து, நான்கு சுற்றுகள் எழுதச் சொன்னேன். அவனுடையது மூன்றாம் படியில் நின்றது, நான்கு சுற்றிலும்.

என் ரெக்கார்டில் செய்த நாள் திங்கள் என்றும், முடித்த நாள் வியாழன் என்றும் இரண்டு தேதி எழுதியிருக்கிறது. நேரத்தில் முடிக்காததற்கான மதிப்பெண் குறைக்கப்பட்டது, கவுன்ட்டருக்கான மதிப்பெண் முழுதும் கிடைத்தது. 4.10-க்கு அவர் கையெழுத்துப் போட்டார். கம்பிகளைப் பிடுங்கி நிறம் வாரியாகப் பெட்டியில் வைத்துவிட்டு, பெயர் எழுதிய தாளைப் பலகையிலிருந்து கிழித்து எடுத்துக்கொண்டு, கொழிஞ்சாம்பாறைப் பேருந்துக்கு நடந்தேன்.